பத்து விநாடிக்கு எத்தனை கட்?

தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தைப் பத்து விநாடிக் கணக்கில் விற்கிறார்கள். சேனலின் விலைப்பட்டியலில் இருப்பது பத்து விநாடிக்கு இவ்வளவு என்ற ரேட்தான். முப்பது விநாடி விளம்பரம் என்றால் அதைப்போல மூன்று மடங்கு. அதனால் முதன்முதலாக விளம்பரம் எடுக்க வருகிற கடைக்காரர்கள் எல்லாவற்றையும் பத்து விநாடியாலேயே அளக்கிறார்கள். அயனம்பாக்கத்தில், வானகரம்–அம்பத்தூர் சாலையிலிருந்து சற்று உள்ளே, என் எடிட்டிங் அறைக்கு வந்த மரச்செக்கு எண்ணெய்க் கடை அண்ணாச்சியும் அப்படித்தான் கேட்டார்.

“தம்பி, பத்து செகண்டுக்கு எத்தனை கட் போடுவீங்க?”

“எதுக்கு அண்ணாச்சி?”

“ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் பார்த்தேன். சும்மா பறக்குது. நம்மளதும் அப்படி இருக்கணும். காசு ஒண்ணுதானே? அந்தக் காசுக்கு அவன் நிறையக் காட்டுறான்ல?”

அந்தக் கேள்வி நியாயமானது. ஒரே விலைக்கு வாங்கிய பத்து விநாடியில் ஒருவர் பத்துப் படம் காட்டுகிறார், இன்னொருவர் மூன்றுதான் காட்டுகிறார் என்றால் மூன்று காட்டுகிறவர் ஏமாந்ததுபோலத்தான் தெரியும். நானும் அன்றைக்கு அதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. அவர் கேட்டபடியே செய்து கொடுத்தேன், அது தவறாகப் போனது. ஏன் போனது என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கணக்கின் அடியில் கண்ணும் மூளையும் இருப்பது புரிந்தது.

ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்தான் கட். திரையில் இருப்பது முழுவதும் அந்தக் கணத்தில் மாறிவிடுகிறது. நம் மூளைக்கு இது இயல்பான விஷயம் இல்லை. எதிரில் இருக்கும் காட்சி திடீரென மாறினால் ‘என்ன அது?’ என்று உடல் தானாகத் திரும்பும். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் நாய்களிடம் கண்டு விவரித்த அனிச்சைச் செயல் அது. அமெரிக்காவில் ஆனி லாங் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் தொலைக்காட்சி பார்ப்பவர்களின் இதயத் துடிப்பை அளந்து, கட் வந்ததும் துடிப்பு சில விநாடிகளுக்குச் சற்றே தணிவதைக் கண்டார்கள். வெளியிலிருந்து வருவதை உள்வாங்க உடல் தன்னை நிதானப்படுத்திக்கொள்வதன் அடையாளம் அது. ஆக, ஒவ்வொரு கட்டும் பார்ப்பவரின் கவனத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. விளம்பரக்காரர்களுக்கு வேக எடிட்டிங் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கவனம் திரும்புவதும் கண்டது மனத்தில் தங்குவதும் வேறு வேறு. மேரி பாட்டர் என்ற உளவியலாளர் 1970களில் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகக் காட்டிச் சோதித்தார். விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே தெரிந்த படத்தில்கூட என்ன இருக்கிறது என்பதை மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்தடுத்துப் படங்கள் வந்துகொண்டே இருந்தால், முடிந்தபின் கேட்கும்போது பெரும்பாலானவை நினைவில் இல்லை. பார்த்ததைப் பதியவைக்க மூளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை அடுத்த படம் வந்து பிடுங்கிக்கொள்கிறது.

இதைவிட எனக்கு உதவியது ஆனி லாங் குழுவினர் செய்த ஒரு பாகுபாடு. கட்டில் இரண்டு வகை உண்டு என்றார்கள். ஒன்று, அதே இடத்தில், அதே ஆளை, அதே செயலை வேறு கோணத்தில் காட்டுவது. இன்னொன்று, முற்றிலும் புதிய இடத்துக்குத் தாவுவது. முதல் வகையை அடுக்கினால் கவனம் கூடுகிறது, நினைவும் பெரும்பாலும் கெடுவதில்லை. இரண்டாவதை அடுக்கினால் ஓர் அளவுக்கு மேல் மூளைக்குப் பாரம் தாங்காமல் நினைவு சரிகிறது. எடிட் அறையில் நாங்கள் முதலாவதை உறவுக் கட் என்றும் இரண்டாவதைத் தாவல் கட் என்றும் சொல்லிக்கொள்கிறோம். பத்து விநாடிக்கு எத்தனை கட் என்று கேட்கிறவருக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். எத்தனை உறவு, எத்தனை தாவல் என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அண்ணாச்சி பார்த்துப் பொறாமைப்பட்ட ஜவுளி விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடியில் பத்துக் கட் இருக்கலாம். ஆனால் பின்னணி ஒன்றே, பெண்கள் சுற்றி நிற்கும் விதம் ஒன்றே, மாறுவது புடவையின் நிறம் மட்டும். ஒவ்வொரு புடவையையும் நாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ‘இங்கே நிறைய இருக்கிறது’ என்ற ஒரே சேதிதான் போய்ச் சேர வேண்டும். அந்தச் சேதியைச் சொல்வதற்கு வேகம்தான் சரியான வழி. எண்ணிப் பார்க்க முடியாதபடி வருவதே நிறைய என்ற உணர்வைத் தருகிறது. பத்தும் கிட்டத்தட்ட உறவுக் கட்தான்.

நகைக்கு இது பொருந்தாது. கல் மின்னுவது நகை அசையும்போதுதான். விளக்கொளி கல்லின் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு நகர ஒன்றரை, இரண்டு விநாடி பிடிக்கிறது. அதற்குள் வெட்டினால் மின்னல் இல்லை, மஞ்சளாக ஓர் உலோகம் தெரிகிறது, அவ்வளவுதான். நான் நகைக்குப் பத்து விநாடிக்கு மூன்றுக்கு மேல் போவதில்லை.

செய்து காட்டி விற்கும் பொருள்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கறை போக்கும் சோப்பு, ஒட்டாத தோசைக்கல் மாதிரியானவை. கறை இருக்கும் ஷாட்டுக்கும் கறை போன ஷாட்டுக்கும் நடுவில் ஒரு கட் விழுந்தால், வேறு துணியை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்த ஓர் இடத்தில் கட் கூடாது, மற்ற இடங்களில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். 2003இல் பிரிட்டனில் வந்த ஹோண்டா அக்கார்ட் கார் விளம்பரம் இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது. காரின் உதிரிபாகங்கள் ஒன்றை ஒன்று தட்டி, உருட்டி, தள்ளிக்கொண்டு போகும், இரண்டு நிமிடம். கண்ணுக்குத் தெரிந்த கட் ஒன்றுகூட இல்லை. உண்மையில் இரண்டு தனி ஷாட்களை நடுவில் தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். ஒரு கட் தெரிந்திருந்தால் போதும், பாகங்கள் தாமாகவே ஓடின என்பதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பேசி விற்பவர்களுக்கு முகம்தான் மூலதனம். வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமார் தம் கடை விளம்பரங்களில் தாமே தோன்றியது தமிழ்நாட்டுக்கே தெரியும். அப்படிப்பட்ட விளம்பரத்தில் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் தாவிவிட்டு அதே முகத்துக்குத் திரும்பி வரலாம். திரும்பி வரும் முகம் பழகிய முகம் என்பதால் பாரம் ஏறுவதில்லை.

எண்ணெய் இவை எதிலும் சேராது. அண்ணாச்சி விஷயத்தில் நான் கோட்டை விட்டது இங்கேதான். முதலில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

நல்ல துள்ளலான இசைத் துண்டு ஒன்று கிடைத்தது. நிமிடத்துக்கு 120 தட்டு. அதாவது அரை விநாடிக்கு ஒன்று. இரண்டு தட்டுக்கு ஒரு கட் என்று வைத்தேன். நம் ஊர்த் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதால் ஒவ்வொரு ஷாட்டும் சரியாக 25 ஃபிரேம். 26 ஷாட் ஒவ்வொரு விநாடி, கடைசியில் பாட்டிலும் கடைப் பெயரும் நாலு விநாடி. 30 விநாடியில் 26 கட். பத்து விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது. எள், வெயில், ஏரி, செக்கு, உலக்கை, கருப்பட்டி, தூக்குவாளி, குழந்தை, பாட்டி, தோசை, கோயில் விளக்கு என்று எடுத்ததை எல்லாம் போட்டேன். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒளிபரப்புக்குக் கொடுக்கும் முன் தெருமுனை டீக்கடையில் எட்டுப் பேருக்குப் போனில் காட்டினேன். காட்டிய உடனே கேட்கவில்லை. பத்து நிமிடம் வேறு கதை பேசிவிட்டு, “அது என்ன விளம்பரம், அதுல என்ன பார்த்தீங்க?” என்றேன். எட்டுப் பேரும் எண்ணெய் என்றார்கள். செக்கு என்றவர் ஒருவர்தான். கருப்பட்டியை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாச்சி கடை எண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசமே செக்கும் கருப்பட்டியும்தான். எட்டுப் பேரிடம் கேட்டது ஆய்வு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எட்டில் பூஜ்யம் என்பதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

திரும்ப வந்து டைம்லைனைப் பார்த்தேன். 26 கட்டில் 19 தாவல். மொட்டை மாடி, செக்குக் கூடம், ஏரிக்கரை, அடுக்களை, கோயில் என்று விநாடிக்கு விநாடி பார்ப்பவரை இழுத்தடித்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று எண்ணெய் ஊற்றும் ஷாட்டில் இருந்தது. நல்லெண்ணெயை உயரத்திலிருந்து ஊற்றினால் அது மெல்லிய நூலாக இறங்கும். அடியில் தொட்டதும் மெல்லப் பரவும். எண்ணெயின் பாகுத்தன்மை தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அது அப்படி நடக்கிறது. கெட்டியான நல்ல எண்ணெய் என்று பாட்டிமார்கள் கண்ணால் பார்த்துச் சொல்வது அந்த நூலையும் அது மெல்லப் பரவுவதையும் வைத்துத்தான். ஆனால் நூல் இறங்கி, பரவி முடிய நான்கு விநாடிக்கு மேல் ஆகிறது. நான் வைத்திருந்ததோ 25 ஃபிரேம். அந்த 25 ஃபிரேமில் தெரிந்தது பழுப்பாக ஏதோ விழுவது மட்டும். டீயாகவும் இருக்கலாம். எண்ணெயை எண்ணெய் ஆக்கும் குணத்தையே வெட்டி எறிந்திருந்தேன்.

பொருளுக்கு ஏற்ற கட் எண்ணிக்கையை நான் இப்போது இங்கிருந்துதான் தொடங்குகிறேன். இந்தப் பொருளின் குணம் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? புடவையின் நிறத்துக்கு அரை விநாடி போதும். கல்லின் மின்னலுக்கு இரண்டு விநாடி. எண்ணெயின் ஓட்டத்துக்கு ஐந்து. அந்த ஷாட்டை முதலில் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்ச நேரத்தைத்தான் மற்றவற்றுக்குப் பங்கு போட வேண்டும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். முதல் ஸ்கிரிப்டில் 61 சொல் இருந்தது. 30 விநாடிக்குள் 61 தமிழ்ச் சொல்லை வாசித்தால் மூச்சு வாங்கும், எங்கேயும் நிற்க முடியாது. நிற்காத குரலில் கட் விழ இடமே இருக்காது. அண்ணாச்சியோடு உட்கார்ந்து வெட்டி வெட்டி இப்படிக் கொண்டுவந்தோம்:

“எள்ளை மூணு நாள் வெயில்ல காய வைக்கிறோம். வாகை மரச் செக்குல மெதுவா ஆட்டுறோம். ஆட்டும்போதே பனங்கருப்பட்டி சேர்க்குறோம். எண்ணெய் தானா தெளியுது. இட்லிப் பொடியில ஒரு கரண்டி ஊத்திப் பாருங்க. மணமே சொல்லிடும்.”

இருபத்தைந்து சொல். பிறகு கடைப் பெயர். நடுவில் எண்ணெய் ஊற்றும்போது குரலே இல்லை.

எடிட் செய்பவர்கள் ‘பீட்’ என்று சொல்வது இரண்டு. இசையின் தட்டும் பீட், ஸ்கிரிப்டில் பொருள் ஒரு படி நகரும் இடமும் பீட். முதல் தடவை நான் இசையின் பீட்டுக்கு வெட்டினேன். வெட்ட வேண்டியது பொருளின் பீட்டுக்கு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டு, ‘ஓகோ’ என்று மனம் ஒரு படி நகரும் இடத்தில் எல்லாம் விசைப்பலகையில் M-ஐத் தட்டுங்கள். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் அது டைம்லைனில் ஒரு குறி வைக்கும். மூன்று முறை செய்தால் குறிகள் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்கலாம்.

அப்படித் தட்டியபோதுதான் தமிழ் வாக்கியத்தின் ஒரு குணம் கண்ணில் பட்டது. குறிகள் வாக்கியத்தின் தொடக்கத்தில் விழவில்லை. “வாகை மரச் செக்குல மெதுவா ஆட்டுறோம்” என்பதில் என் விரல் ‘மெதுவா’வில் விழுந்தது. “ஆட்டும்போதே பனங்கருப்பட்டி சேர்க்குறோம்” என்பதில் ‘பனங்கருப்பட்டி’யில். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அழுத்திச் சொல்ல வேண்டிய புதிய செய்தி பெரும்பாலும் அந்த வினைக்குச் சற்று முன்னே உட்காருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அதற்கே வெட்டப்பட்டு, பிறகு தமிழ்க் குரல் ஏற்றப்பட்ட விளம்பரங்களில் படம் முந்திக்கொண்டு, சொல் பின்னால் ஓடி வருவது இதனால்தான். இந்திக்கு வெட்டியவை ஓரளவு பொருந்துகின்றன. அங்கும் வினை கடைசியில்தான். ஆனால் நம் சொற்கள் நீளம், குரல்காரர் அவசரப்பட வேண்டியிருக்கிறது. நம் விளம்பரத்தில் கட் விழ வேண்டிய இடம் வாக்கியத்தின் முதல் சொல் இல்லை, வினைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சொல்.

சரியாக அந்தச் சொல்லிலேயே வெட்டலாமா? கூடாது. ஐந்து ஃபிரேம் முன்னால் வெட்ட வேண்டும். புதிய ஷாட் வந்ததும் கண் தன் இடத்தை விட்டுக் கிளம்பவே சுமார் 200 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. ஐந்து ஃபிரேம் கொடுத்தால் கருப்பட்டியின் மேல் கண் போய் நிற்கும் நேரமும் காதில் ‘பனங்கருப்பட்டி’ விழும் நேரமும் ஒன்றாகின்றன. சொல்லுக்குப் பிறகு வெட்டினால் காதில் கேட்டதைக் கண் தேடிக்கொண்டிருக்கும். முந்தைய ஷாட்டில் கண் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் புதிய ஷாட்டின் முக்கியப் பொருளையும் வைத்துவிட்டால் இந்த ஐந்துகூட வேண்டாம், இரண்டு போதும்.

இனி விளம்பரம் எப்படி ஆனது என்பதை விநாடிவாரியாகச் சொல்கிறேன்.

மொட்டை மாடியில் எள் காய்கிறது, பின்னால் அயனம்பாக்கம் ஏரி. வைட் ஷாட், மூன்று விநாடி. இதை ஒன்றரையில் முடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தவர்கள் கண் முதலில் பளபளக்கும் ஏரித் தண்ணீருக்குப் போய், பிறகுதான் எள்ளுக்கு இறங்கியது. வைட் ஷாட்டில் கண் சுற்றிப் பார்க்க இடம் அதிகம், அதற்கான நேரத்தைக் கொடுத்தே தீர வேண்டும். அடுத்து எள்ளைக் கிளறும் கை, ஒன்றரை விநாடி. இது உறவுக் கட். நாலரையாவது விநாடியில் செக்குக் கூடத்துக்குத் தாவல். செக்கு முழுதாக மூன்று விநாடி. மோட்டாரில் ஓடும் செக்குதான், ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி. மூன்று விநாடியில் பாதிச் சுற்றுத் தெரிகிறது, அதன் நிதானம் உடம்பில் உறைக்க அது போதும். ஏழரையில் உலக்கை நுனிக்கு க்ளோஸப். ‘மெதுவா’ என்ற சொல் அதற்கு ஐந்து ஃபிரேம் கழித்து வருகிறது.

இந்த ஏழரையாவது விநாடிக் கட்டைப் பார்த்த யாரும் கட் விழுந்ததாகவே சொல்லவில்லை. உலக்கை இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வெட்டி, க்ளோஸப்பில் அதே திசையில் அதே வேகத்தில் தொடரவிட்டேன். அசைவின் நடுவில் விழும் கட் கண்ணில் படுவதில்லை. பிரிட்டனில் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கட் வந்தால் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிப் படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். கட்டைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள்கூட அசைவோடு இணைந்த கட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார்கள். ஆக, எண்ணிக்கையில் ஒரு கட் என்று நாம் எழுதிக்கொள்வது பார்ப்பவர் கணக்கில் பூஜ்யமாகவும் இருக்கலாம்.

அங்கிருந்து கருப்பட்டியை உடைத்துப் போடும் கை, எண்ணெய் கசிந்து வழிவது, அதைத் தொட்டுப் பார்க்கும் அண்ணாச்சியின் விரல் என்று மூன்று உறவுக் கட். எல்லாம் அதே கூடம். பதினைந்தரையாவது விநாடியில் ஊற்றும் ஷாட். குரல் இல்லை, இசையும் தணிந்துவிடுகிறது, ஐந்து விநாடி முழுதாக நூல் இறங்கிப் பரவுகிறது. இருபதரையில் அடுக்களை, இட்லிப் பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றுகிறார்கள், மூன்றரை விநாடி. சாப்பிடுபவர் முகம் இரண்டு விநாடி. கடைசி நாலு விநாடி பாட்டிலும் கடைப் பெயரும்.

பதினொரு ஷாட், பத்துக் கட். பத்து விநாடிக்கு மூன்றேகால் சொச்சம். அதில் தாவல் நான்குதான். ஆனால் இந்தச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு வேறு விளம்பரத்தை அளந்தால் ஏமாந்துபோவோம். முதல் பத்து விநாடியில் நாலு கட், அடுத்த இரண்டு பத்திலும் மும்மூன்று. பதினைந்தரையிலிருந்து இருபதரைவரை ஒன்றுமே இல்லை. அந்த ஐந்து விநாடி நிதானம் எடுபடுவதற்குக் காரணம் அதற்கு முன்னால் ஒன்றரை, இரண்டு விநாடி ஷாட்கள் வந்துபோனதுதான். எல்லா ஷாட்டையும் சமமாக மூன்று விநாடி வைத்திருந்தால் அதே எண்ணிக்கை வந்திருக்கும், தூக்கமும் வந்திருக்கும்.

வேறு எட்டுப் பேரிடம் காட்டினேன், அதே பத்து நிமிட இடைவெளியோடு. ஆறு பேர் கருப்பட்டி என்றார்கள். காட்டும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்கள் கண்களைப் பார்த்தேன். ஜப்பானில் தமாமி நகானோ குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைப் படத்தைப் பார்ப்பவர்கள் பல இடங்களில் சேர்ந்தாற்போல் இமைப்பதாகக் கண்டார்கள். ஒரு செயல் முடிந்த இடம், முக்கியப் பாத்திரம் திரையில் இல்லாத இடம் மாதிரியான தருணங்களில். எதையும் தவறவிட மாட்டோம் என்று மனத்துக்குத் தெரியும் இடத்தில்தான் இமை மூடுகிறது. என் விளம்பரத்தில் ஊற்றும் ஷாட் முடிந்து அடுக்களை வரும் இடத்தில் பலர் இமைத்தார்கள். அங்கே கட் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நூல் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் இமைத்திருந்தால் ஷாட் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்று பொருள், அரை விநாடி குறைத்திருப்பேன்.

வேகமாக வெட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று உடல்நலம் சார்ந்தது. தள்ளுபடி விளம்பரங்களில் கட்டுக்குக் கட் நடுவில் ஒரு வெள்ளை ஃபிரேமைப் பளிச்சிடவிடும் பழக்கம் இருக்கிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஒளிக்கு வலிப்பு வரும் தன்மை சிலருக்கு உண்டு. அதன்பின் பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் வரம்பு, விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது. ஷாட் இருட்டும் வெளிச்சமுமாக மாறி மாறி வந்தாலே அதுவும் மின்னல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்றது எழுத்து. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ மாதிரி வரிகளுக்கு, விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. ஒரு வரிக்கு நான்கு விநாடிக்கு மேல் திரையில் நிற்க வேண்டும் என்கிறது. கட்கள் மாறும்போதே எழுத்தை நிற்கவைத்துவிட்டால் விதி நிறைவேறிவிடும். ஆனால் பின்னால் படம் துள்ளிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு துள்ளலும் கண்ணை எழுத்திலிருந்து பறிக்கும். படிக்க வேண்டிய எழுத்து திரையில் இருக்கும் நேரத்தில் நான் கட் போடுவதில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். முப்பது விநாடிக்குக் கட்டுப்படியாகவில்லை, இருபதாகக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

“எல்லாத்தையும் கொஞ்சம் வேகமா ஓடவிட்டா போச்சு, இல்லையா தம்பி?”

“அப்படி ஓட்டினா எண்ணெய் தண்ணி ஆயிடும் அண்ணாச்சி. ஒரு வாக்கியத்தை எடுத்துடலாம்.”

எந்த வாக்கியம் என்று இருவரும் அரை மணி நேரம் பேசினோம். எள்ளைக் கிளறும் கை, விரல், சாப்பிடுபவர் முகம் மூன்றும் போயின. கருப்பட்டியும் போனது. அது போனதில் அவருக்கு வருத்தம்தான், எனக்கும் வருத்தம். ஊற்றும் ஷாட்டை நாலு விநாடிக்குக் கீழே கொண்டுபோக இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை. ஏழு ஷாட், ஆறு கட், பத்து விநாடிக்கு மூன்று என்று முடிந்தது. பனங்கருப்பட்டி என்ற சொல்லை அண்ணாச்சி பாட்டில் லேபிளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டார். கடைசி ஷாட்டில் அந்த லேபிள் மூன்று விநாடி அசையாமல் நிற்கிறது.